சென்னிக்கு எப்பங்க பத்து வயசாகும்? கார்ட்டூன் வயது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபியில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் கடையின் பின்கட்டில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறேன். 2009-லிருந்து மாதம் ஒரு சார்ட் அட்டையில் ‘சென்னி’ என்ற தொடரை அவர்களே வரைந்து சுவரில் மாட்டுகிறார்கள். சென்னிக்கு வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. அன்றைக்கும் ஒன்பது, இன்றைக்கும் ஒன்பது. அதை முதலில் வரைந்த பையன் இப்போது பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போகிறான்.

பிள்ளைகள், கூட்டிவரும் பெற்றோர், ஓரத்தில் உட்கார்ந்து டோரேமான் புரட்டும் கல்லூரிப் பையன்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஏனுங்கக்கா, நோபிடா எப்பப் பார்த்தாலும் அதே கிளாஸ்லயே இருக்கறானே, ஃபெயிலா?

டோரேமான் கதையில் வரும் நோபிடா பூஜ்யம் வாங்குவான், ஆனால் ஃபெயில் ஆனதில்லை. அவன் கதையில் ஒரு கல்வியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதே கிடையாது. கோடை விடுமுறை வரும், பள்ளி திறக்கும், மறுபடியும் அதே வகுப்பு, அதே வாத்தியார்.

அவனுக்கு ஒரு பிறந்த தேதியும் உண்டு. பழைய படக்கதைப்படி 1964 ஆகஸ்ட் 7. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அறுபது தாண்டிய மனிதர். அப்படி யாரும் கணக்குப் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் வேலையே.

மிதக்கும் காலக்கோடுன்னு சொல்றீங்களே, அது காலம் நின்னு போறதுதானே?

இல்லை. காலம் நிற்பதில்லை, பிறந்த வருடம் நகர்கிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

அமெரிக்கக் கார்ட்டூனில் வரும் சிம்ப்சன்ஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1987 ஏப்ரலில் இன்னொரு நிகழ்ச்சிக்குள் துண்டுப் படமாக வந்தார்கள், 1989 டிசம்பரில் தனித் தொடர் ஆனார்கள். மகன் பார்ட்டுக்குப் பத்து வயது, மகள் லிசாவுக்கு எட்டு, அப்பா ஹோமருக்கு முப்பத்தாறு சொச்சம். தொடக்கத்தில் கணக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தது. ஹோமரும் அம்மா மார்ஜும் 1974-இல் பள்ளிக்கூடத்தில் சந்தித்தார்கள் என்று 1991 ஜனவரியில் ஒரு பாகம் வந்தது. பள்ளி முடிக்கும்போது பதினெட்டு என்றால் பிறப்பு 1956. பின்னால் ஒரு பாகத்தில் அவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டும்போதும் 1956 என்றே இருக்கும். 1984 ஒலிம்பிக் சமயத்தில் லிசா பிறந்தாள் என்று 1992-இல் காட்டினார்கள். 1992-இல் எட்டு வயது, சரியாகப் பொருந்துகிறது.

தொடர் நிற்காமல் ஓடியது. 2008-இலும் பார்ட்டுக்குப் பத்துதான். அப்படியானால் அவன் 1998-இல் பிறந்திருக்க வேண்டும். அம்மா அப்பாவின் காதல் காலம் 1974-இலேயே நின்றால் காதலுக்கும் குழந்தைக்கும் நடுவே இருபத்துநாலு வருட ஓட்டை விழும். அந்த வருடம் வந்த ஒரு பாகத்தில் அவர்களுடைய இளமையைத் தொண்ணூறுகளுக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள். இதே கணக்கை 2025-க்குப் போட்டுப் பாருங்கள். ஹோமருக்கு முப்பத்தெட்டு என்று வைத்தால் பிறப்பு 1987. அவர் முதன்முதலில் டிவியில் தோன்றிய அதே வருடம்!

சுற்றியிருக்கும் உலகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வயது மட்டும் முளையில் கட்டிய மாடு. அதனால் பிறந்த வருடமும் கல்யாண வருடமும் வருடத்துக்கு ஒரு வருடம் முன்னால் நகர்ந்தாக வேண்டும்.

வயசு ஏறுனாத்தான் என்னங்க கெட்டுப்போகுது?

வரைகிறவர் பக்கமிருந்து பார்த்தால் முதலில் கெடுவது உருவம். எங்கள் சென்னி மூன்று தலை உயரம். அதாவது அவன் தலையை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முறை அடுக்கினால் அவன் உயரம் வந்துவிடும். வளர்ந்த ஆளை இயல்பாக வரைந்தால் ஏழு தலைக்கு மேல் போகும். சென்னியைப் பதினாலு வயசுப் பையனாக்கினால் ஐந்து, ஐந்தரைத் தலையாவது வேண்டும். தலை சிறுக்கும், கண் சிறுக்கும், கன்னம் ஒட்டும். ஒருதரம் ஒரு பெண் ஆசைப்பட்டு அப்படி வரைந்து கொண்டுவந்தாள். நன்றாகவே வரைந்திருந்தாள். சுவரில் மாட்டியதும் பிள்ளைகள் "இது யாரு, சென்னிக்கு அண்ணனா?" என்று கேட்டார்கள். பெரிய ஸ்டுடியோவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், வாய் அசைவு என்று மாதிரித் தாள் இருக்கும். ஒருவனுக்கு வயது ஏறினால் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் அந்தத் தாளை மாற்றி வரைய வேண்டும்.

இரண்டாவது, வரிசை. டிவியில் நேற்று பழைய பாகம் போடுவார்கள், இன்று புதுசு, நாளைக்கு நடுவில் ஒன்று. வயது ஏறும் தொடரை அப்படிக் கலைத்துப் போட்டால் பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. வயது ஏறாத தொடரில் எந்தப் பாகமும் முதல் பாகம்தான்.

மூன்றாவதை டோரேமான் பிறந்த கதையே சொல்லும். 1969 டிசம்பரில், 1970 ஜனவரி இதழ்களாக, ஜப்பானில் ஷோகாக்குகான் நிறுவனத்தின் ஆறு சிறுவர் இதழ்களில் ஒரே நேரத்தில் அது தொடங்கியது. மழலைப் பிள்ளைகளிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு இதழ். ஒரே ஆள் அந்தந்த வயதுக்குத் தகுந்த மாதிரி தனித்தனிக் கதை எழுதினார். புது வருடம் வந்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு இதழுக்குப் போய்விடும். அங்கேயும் நோபிடா இருப்பான். விட்டுவந்த இதழில் புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாசகர்தான் படியேறினார். என் சனிக்கிழமை வகுப்பும் அப்படித்தான். பிள்ளைகள் பத்தாவது வந்ததும் டியூஷன் என்று நின்றுவிடுவார்கள், சென்னி அடுத்த ஒன்பது வயசுக்காரனுக்காகக் காத்திருப்பான்.

சென்னியோட அப்பாரு பவானிசாகர் அணையில மண்ணு சொமந்தாருன்னு பழைய சார்ட்ல இருக்குதே, இப்ப ஏன் மாத்திட்டீங்க?

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் அது. விவரமாகவே சொல்கிறேன்.

பவானிசாகர் அணை கட்டும் வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. 2009-இல் முதல் சார்ட்டுகள் போட்டபோது, சென்னியின் தாத்தாவான அப்பாரு இருபது வயதில் 1952 வாக்கில் அங்கே மண் சுமந்ததாக ஒரு பையன் எழுதினான். அவனுடைய சொந்த அப்பாரு கதை அது. கணக்குப் போட்டால் 1932-இல் பிறந்தவர், 2009-இல் எழுபத்தேழு. அந்த வயதில் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர் நம் பக்கம் உண்டு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

2019-இல் ஒரு சிறுமி சார்ட்டைப் பார்த்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "அக்கா, இவருக்கு எம்பத்தியேழு வயசாச்சுங்க. இன்னும் சைக்கிள் ஓட்டறாரு, தென்னை மரமும் ஏறறாரு" என்றாள். சென்னியின் வயதை முளையில் கட்டியிருந்தோம். அப்பாருவின் இளமையையோ பெயரும் வருடமும் உள்ள ஒரு நிஜ அணையில் கட்டிவிட்டோம். அணை நகராது. சென்னி வருடா வருடம் முன்னால் நகர்கிறான். நடுவில் அகப்பட்ட அப்பாரு வருடத்துக்கு ஒரு வயது கிழவராகிறார்.

எங்களுக்கு மூன்று வழி இருந்தது. அணைப் பேச்சையே எடுக்காமல் விடலாம். அல்லது பெயர் சொல்லாமல் "ஒரு அணை" என்று மழுப்பலாம். மூன்றாவதாக, ஒரு தலைமுறை தள்ளிவிடலாம். பிள்ளைகள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அப்பாரு, "எங்கப்பன் அந்த அணையில மண்ணு சொமந்தாரு சாமி" என்கிறார். சொல்லும் ஆள் அதே, கதையும் அதே, ஒரு ‘எங்கப்பன்’ மட்டும் சேர்ந்தது. இன்னும் இருபது வருடம் ஓடும். பழைய சார்ட்டை நான் கிழிக்கவில்லை, சுருட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

சிம்ப்சன்ஸ்காரர்களுக்கும் இதே அவஸ்தை உண்டு. தாத்தா இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர், பள்ளி முதல்வர் வியட்நாம் போரில் இருந்தவர். தாத்தாவின் போர் 1945-இல் முடிந்தது, முதல்வரின் போர் 1975-இல். 1945-இல் பதினெட்டு என்றால் 2025-இல் தொண்ணூற்றெட்டு. அந்த மனிதருக்கு இன்னும் நாற்பது தொடாத மகன், பத்து வயதுப் பேரன்!

அப்ப வருசமே எழுதாம இருந்தாத் தப்பிச்சிரலாமுங்களா?

பெரும்பாலும் தப்பிக்கலாம். எங்கள் வகுப்பில் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே விதி இதுதான்: வருடத்தை எழுதாதே, இடைவெளியை எழுது. "2005-இல் வாய்க்காலில் விழுந்தான்" என்பது கெட்டுப்போகும். "நாலு வருசத்துக்கு முன்னால வாய்க்காலில் விழுந்தான்" என்பது எப்போது படித்தாலும் நாலு வருடத்துக்கு முன்புதான். கொடிவேரியில் தண்ணீர் அதிகமாகி ஆட்களை உள்ளே விடவில்லை என்று எழுதினாலும் பிரச்சினை இல்லை. அது எந்த வருடமும் நடக்கக்கூடியது.

ஆனால் சில சம்பவங்கள் வருடத்தை எழுதாமலே தேதியைக் கூட இழுத்துக்கொண்டு வந்துவிடும். 2016 நவம்பரில் சென்னியின் அப்பத்தா வெந்தய டப்பாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து எடுத்து அடுக்குவதாக ஒரு சார்ட் போட்டோம். அந்த மாதம் கூட்டம் கூடிப் பார்த்த சார்ட் அது. இன்றைக்கு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன சிரிப்பு என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கியதும் அடுத்த கேள்வி வருகிறது: "அப்பவே சென்னி நாலாவதா?" அந்தச் சிரிப்புக்கு இந்தத் தொந்தரவு தகும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சின்சானுக்குத் தங்கச்சி பொறந்துச்சே, அப்பயும் வயசு ஏறலையா?

ஏறவில்லை. 1992-இல் டிவிக்கு வந்தபோது சின்சானுக்கு ஐந்து வயது. 1996-இல் ஹிமாவரி பிறந்தாள். அம்மா கர்ப்பமாக இருந்தது, பிறந்தது, பெயர் வைத்தது எல்லாம் காட்டினார்கள். அதற்குப் பிறகும் சின்சானுக்கு ஐந்துதான். ஹிமாவரி இன்னும் தவழ்கிற குழந்தைதான்.

இதற்கு நான் சொல்லும் உவமை, ஒருமுறை விட்டால் திருப்ப முடியாத மடை. புது ஆளை உள்ளே விடலாம். இருக்கிற ஆளை அனுப்பவும் செய்யலாம். சிம்ப்சன்ஸில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி 2000-இல் இறந்தார், திரும்பி வரவில்லை. கடைக்காரருக்கு 1999-இல் ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. இப்படிச் சம்பவங்கள் சேர்ந்துகொண்டே போகும், வயது மட்டும் சேராது. வயது என்று கேட்காமல் ‘நிலைமை’ என்று கேட்டால் சின்சான் வீடு மாறித்தான் இருக்கிறது: முன்பு ஒரு பிள்ளை, இப்போது இரண்டு.

இதில் ஒரு கிடுக்குப்பிடி உண்டு. குழந்தை பிறந்துவிட்டால் அதற்கு முந்தைய பாகங்களும் பிந்தைய பாகங்களும் பிரிந்துவிடும், கலைத்துப் போட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல தொடர்கள் இப்படிப்பட்ட மடையை அடிக்கடி திறப்பதில்லை.

வருசா வருசம் தீவாளி கொண்டாடறாங்களே, அதை எண்ணுனா வயசு தெரிஞ்சுருமே?

எண்ணக் கூடாது! சென்னி பதினைந்துக்கும் மேல் தீபாவளி பார்த்துவிட்டான், அத்தனையும் ஒன்பது வயதில். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறை போவான், ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போவான், பண்ணாரியில் குண்டம் பார்ப்பான். ஒவ்வொன்றும் ‘இந்த வருசம்’ நடப்பதுதான். போன வருடம் என்ன செய்தான் என்று அந்தச் சார்ட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆள் மட்டும் அப்படியே இருக்கறான், போன் மட்டும் எப்படிங்க புதுசாகுது?

உலகம் ஓடுகிறது, வயதைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன், அதன் விளைவு இது. சென்னி வீட்டில் முதலில் பட்டன் போன் இருந்தது, இப்போது டச் போன். எப்போது வாங்கினார்கள் என்று எந்தச் சார்ட்டும் சொல்லாது. ஒரு மாதம் பழையது, அடுத்த மாதம் புதுசு.

இப்படிச் செய்யாத தொடர்களும் உண்டு. ‘சசாயே சான்’ 1969 அக்டோபரிலிருந்து ஜப்பானிய டிவியில் ஓடுகிறது. உலகில் மிக நீண்டகாலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்று கின்னஸ் பதிவு வைத்திருப்பது. அந்த வீட்டில் இன்னும் விரலை விட்டுச் சுற்றும் கறுப்பு டெலிபோன். அங்கே ஆளும் நிற்கிறான், காலமும் நிற்கிறது. அது மிதப்பு இல்லை, உறைவு. உறைந்த தொடருக்கு அணைக் கதை மாதிரி தொல்லைகள் வராது. ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு அது ‘அப்பாரு காலத்து வீடு’ ஆகிவிடும். டோரேமான் நடுவில் நிற்கிறது: கதையில் புதுப் பொருள்கள் வந்தாலும் பிள்ளைகள் விளையாடும் காலி இடத்தில் அந்த மூன்று சிமென்ட் குழாய்கள் எழுபதுகளிலிருந்து அப்படியே அடுக்கிக் கிடக்கின்றன.

சோட்டா பீமுக்கும் இதேதானுங்களா?

அவனுக்கு இந்தத் தலைவலியே இல்லை. டோலக்பூரில் ராஜா இருக்கிறார், லட்டு இருக்கிறது, காலண்டர் இல்லை. 2008-இல் வந்த தொடர், எந்த நூற்றாண்டு என்றே சொல்லாது. வருடமே இல்லாத இடத்தில் எதை நகர்த்துவது?

குரல் கொடுக்கறவங்களுக்கு வயசாகுமே, அப்ப என்ன பண்ணுவாங்க?

படம் போட்டு ஏமாற்ற முடியாத இடம் இது. பையன் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பதற்கு ஒரு காரணம் இதுதான். பையனுக்குப் பதின்மூன்று பதினாலில் குரல் உடைந்துவிடும், பெண்ணின் குரல் பல வருடம் தாங்கும். பார்ட்டுக்கு 1987-லிருந்து குரல் கொடுப்பவர் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்.

அதற்கும் எல்லை உண்டு. டோரேமானுக்கு 1979-லிருந்து பேசிய நொபுயோ ஓயாமாவும் நோபிடா உள்ளிட்ட முக்கியக் குரல்காரர்களும் 2005-இல் ஒரே வீச்சில் மாறினார்கள். சின்சானின் ஜப்பானியக் குரல் 2018-இல் மாறியது. சிம்ப்சன்ஸில் பார்ட்டின் டீச்சருக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-இல் இறந்தபோது, வேறு ஆள் போடாமல் அந்தப் பாத்திரத்துக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தமிழ்க் குரல் மாறினாலும் நம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். "அக்கா, சின்சானுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்று ஒருவன் வந்து சொன்னான்.

1974-ல சந்திச்சாங்கன்னு ஒரு பாகம், தொண்ணூறுல சுத்துனாங்கன்னு இன்னொரு பாகம். எதுங்க நிசம்?

இதைக் கேட்பவர்கள் எப்போதும் கல்லூரிப் பையன்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று அவர்களுக்கு எண்ணம். 2008 பாகம் வந்தபோது பழைய ரசிகர்கள் பலர் கோபப்பட்டதும் இதற்குத்தான், தாங்கள் பார்த்து வளர்ந்த கதையை அழித்துவிட்டார்கள் என்று.

எனக்குத் தோன்றுவது: அந்தத் தம்பதி இளமையில் காதலித்தார்கள், கையில் காசில்லை, குழந்தை வந்தது. இந்தச் சம்பவங்கள் கெட்டி. அவை நடந்த வருடம் மட்டும்தான் அசையும். அணைக் கதையில் ‘எங்கப்பன்’ சேர்த்த பிறகும் மண் சுமந்த கஷ்டம் அந்தக் குடும்பத்திலேயே இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் 2008-இல் செய்தது வெறும் வருட மாற்றம் இல்லை, தொண்ணூறுகளின் பாட்டு, சட்டை, பேச்சு எல்லாவற்றையும் உள்ளே கொட்டி இன்னொரு நிஜ வருடத்தில் போய்க் கட்டினார்கள். பழைய முளையைப் பிடுங்கிப் புது முளை அடித்த கதைதான். அதுவும் சில வருடத்தில் பழசாகிவிட்டது.

வயசு ஏறற தொடரே கிடையாதுங்களா?

உண்டு. ‘கேசலின் ஆலி’ என்ற அமெரிக்கப் பத்திரிகைத் தொடரில் 1921 பிப்ரவரி 14 அன்று ஒரு வீட்டு வாசலில் ஒரு குழந்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஸ்கீசிக்ஸ் என்று பெயர். அவன் வாசகரோடு சேர்ந்தே வளர்ந்தான், இரண்டாம் உலகப் போருக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், கிழவனும் ஆனான். தினமும் ஒரு துண்டு வருகிற பத்திரிகையில் அது சாத்தியமானது. வரிசை கலையாது, குரலும் தேவையில்லை.

டோரேமான் பொறந்தது 2112-னு சொல்றாங்களே, அது நகராதுங்களா?

நல்ல கேள்வி, இது ஆறாவது படிக்கும் பிள்ளை கேட்டது. எதிர்காலத்திலிருந்து நோபிடாவிடம் வந்த ரோபோ பூனைதான் டோரேமான், அது தயாரிக்கப்பட்ட தேதி 2112 செப்டம்பர் 3. வருடத்தோடு எழுதிய முளைதான், ஆனால் எதிர்காலத்தில் அடித்தது. அதனால் இத்தனை நாள் யாருக்கும் உறுத்தவில்லை.

டோரேமானை அனுப்பி வைப்பவன் நோபிடாவின் எள்ளுப்பேரன், அதாவது நோபிடாவுக்கு நாலு தலைமுறை கீழே. நோபிடா 1964-இல் பிறந்தவன் என்றால் 2112 வரை 148 வருடம், தலைமுறைக்குத் தோராயமாக 37. தாராளம். 2025-இல் அவனுக்குப் பத்து வயது என்றால் பிறப்பு 2015, இடைவெளி 97, தலைமுறைக்கு 24. இன்னும் நடக்கிற காரியம்தான். 2050-இலும் அவன் பத்து வயதிலேயே இருந்தால் பிறப்பு 2040, இடைவெளி 72, தலைமுறைக்கு 18. குடும்பத்தில் எல்லோரும் பள்ளி முடித்த கையோடு பிள்ளை பெற வேண்டியிருக்கும். முன்னால் நகரும் நோபிடாவும் நகராத 2112-ம் மெல்ல நெருங்குகின்றன.

பலகையில் இதை எழுதிக் காட்டினேன். கேட்ட பிள்ளை சாக்பீஸை வாங்கி 2112-இல் முதல் ஒன்றை அழித்து 2212 ஆக்கிவிட்டு, "இதுக்குப் போயிட்டுங்க்கா" என்று உட்கார்ந்துகொண்டாள்.